கடையின் வாட்ஸ்அப் சாட்: எந்த மொழியில் பதில் போக வேண்டும்?

அன்பரசி_தேக்கா

கேம்பல் லேன் பக்கம் உள்ள ஒரு துணிக்கடையில் இணைய விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். சேலை, ரவிக்கைத் தையல், மீட்டர் கணக்கில் துணி. வாங்குபவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். நோன்புப் பெருநாள் நெருங்கினால் பாஜு கூரோங் தைக்க மலாய்க்காரர்கள் துணி கேட்பார்கள். சீனர்களும் வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குத் துணி வாங்கும் வங்காளதேசத் தொழிலாளர்களும் வருகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் முதல் பதிலைக் கொடுப்பது செயற்கை நுண்ணறிவுத் தானியங்கி. அதற்குக் கடை நேரம், தையல் கூலி முதலியவற்றை எழுதிவைக்க ஒரு நிலையான குறிப்பு இருக்கிறது. அதில் மொழிக்கு ஒரே வரிதான்: "வாடிக்கையாளர் எழுதும் மொழியிலேயே பதில் சொல்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்ததைப் பாருங்கள்.

ஓர் அம்மா தமிழ் எழுத்தில், ரவிக்கைத் துணி சேலையோடு சேர்ந்து வருகிறதா என்று கேட்டார். பதில் தமிழில் போனது. அடுத்து எங்கள் தளத்தில் இருந்த சேலையின் ஆங்கிலப் பெயரை அப்படியே ஒட்டி அனுப்பினார். பதில் ஆங்கிலத்துக்குத் தாவியது. அவர் "ஓகே" என்றார், ஆங்கிலம். அளவு எண்களை அனுப்பினார், ஆங்கிலம். புளோக் எண்ணோடு வீட்டு முகவரி அனுப்பினார், ஆங்கிலம். கடைசியில், சரி என்பதற்கு இங்கே வழங்கும் மலாய்ச் சொல்லைப் போட்டு, ஆங்கில எழுத்தில் "போலே அண்ணா, நன்றி" என்று முடித்தார். பதில் மலாயில் போனது! மறுநாள் தொலைபேசியில் அழைத்து, "கடையை வேறு யாருக்காவது கைமாற்றிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

இந்த ஒரு வரியை எப்படித் திருத்துவது? செய்தவர்கள் சொல்லுங்கள்.

இராமையா_அங்மோகியோ

அம்மா, இயந்திரத்தை ஊகிக்க விட்டதுதான் தவறு. சிங்கப்பூரில் அதிகாரத்துவ மொழிகள் நான்கு. வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்தால் இந்த எண்ணை அழுத்து, அந்த எண்ணை அழுத்து என்று வருகிறதே, அதுபோல முதல் செய்தியிலேயே கேட்டுவிடுங்கள். 1 ஆங்கிலம், 2 மலாய், 3 மாண்டரின், 4 தமிழ். அவர் தேர்ந்தெடுத்தது கடைசிவரை நிற்கும். பிறகு எந்த மொழியில் எழுதினாலும் மாறக் கூடாது. விஷயம் முடிந்தது.

வீணா_யீஷூன்

நாங்கள் உணவு விநியோகம் செய்கிறோம். எங்கள் கடையில் இந்தப் பிரச்சினையே இல்லை. மலாய் பேசும் ஒருவர், சீனம் பேசும் ஒருவர், நான் என்று மூன்று பேர். யார் அழைத்தாலும் உரியவரிடம் கொடுத்துவிடுவோம். நல்ல ஆளாக ஒருவரை வேலைக்கு வையுங்கள். பெயர்ப்பலகையிலும் நான்கு மொழியும் இருக்கட்டும், அது வாடிக்கையாளரை இழுக்கும்.

அன்பரசி_தேக்கா

வீணா அக்கா, நன்றி. நான் கேட்டது பெயர்ப்பலகையைப் பற்றியோ ஆள் எடுப்பதைப் பற்றியோ இல்லை. கடை மூடிய பிறகு இரவு பதினொரு மணிக்கு வரும் செய்திக்குத் தானியங்கி எந்த மொழியில் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் கேள்வி.

வீணா_யீஷூன்

ஓ, சரி. அப்படியானால் என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடம் எந்த மொழியில் பேசினாலும் சமையலறைக்குப் போகும் சீட்டு ஆங்கிலத்தில் மட்டுமே எழுதுவோம். ஒருவர் வேர்க்கடலை ஒவ்வாது என்று சீனத்தில் சொன்னதை அப்படியே எழுதி ஒட்டினால், அடுப்படியில் இருப்பவருக்கு அது வெறும் கோடு.

கதிர்_ஜூரோங்

சிறு கடைகளுக்கு இதுபோன்ற சாட் அமைத்துக்கொடுப்பது என் வேலை. வீணா அக்கா கடைசியாகச் சொன்னதற்குப் பிறகு வருகிறேன்.

இராமையா ஐயா சொன்னதில் ஒரு பாதி சரி. வாடிக்கையாளர் வாயால் கேட்ட மொழிதான் எல்லா ஊகத்துக்கும் மேல். ஆனால் பட்டியல் போட்டுக் கேட்டால் பெரும்பாலோர் பழக்கத்தில் 1-ஐ அழுத்திவிட்டு, அடுத்த வரியைத் தமிழில் எழுதுவார்கள். அப்போது அவர் எழுதும் தமிழுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டே இருப்பதா? வங்காளத்துக்கு அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது. சேலை விலை கேட்க வந்தவரை வாசலில் நிறுத்திப் படிவம் நிரப்பச் சொல்வது வேறு.

அன்பரசி, உங்கள் வரியில் கோளாறு "எழுதும்" என்ற சொல்லில் இருக்கிறது. இயந்திரம் ஒவ்வொரு செய்தியையும் தனியாக எடுத்து மொழி பார்க்கிறது. வாடிக்கையாளர் அனுப்புவதில் பாதிக்கு மொழியே கிடையாது. "ஓகே", எண், முகவரி, பொருளின் பெயர், வேறு எங்கிருந்தோ வந்ததை அப்படியே முன்னனுப்பிய கூரியர் செய்தி, இவையெல்லாம் அவர் பேசும் மொழி இல்லை. "போலே", "மக்கான்", "தப்பாவ்" எல்லாம் இந்த ஊரில் எல்லா இனத்தவரும் சொல்வது. அதை வைத்து ஒருவரை மலாய்க்காரராக்க முடியாது. ஆகவே இவற்றுக்கு வாக்குரிமை இல்லை என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் பொருள் பட்டியல் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும். நிலையான குறிப்பையும் ஆங்கிலத்தில்தான் எழுதியிருப்பீர்கள். தானியங்கி பதில் எழுதும்போது கண்முன் கிடப்பது அத்தனையும் ஆங்கிலம் என்றால் அந்தப் பக்கம்தான் சாயும். விலை, இருப்பு கேட்கும் கேள்விகளில் மட்டும் தமிழ் நழுவுகிறது, வணக்கம் சொன்னால் நழுவவில்லை என்றால் காரணம் இதுதான். பட்டியல் எந்த மொழியில் இருந்தாலும் அது பதிலின் மொழியைத் தீர்மானிக்காது என்று தனியாக ஒரு வரி தேவை.

நான் எழுதும் விதி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"வாடிக்கையாளர் ஒரு மொழியைக் கேட்டால், அவரே மாற்றச் சொல்லும்வரை அந்த மொழியில் பதில் சொல். கேட்காவிட்டால், அவர் சொந்தமாக எழுதிய கடைசி முழு வாக்கியத்தின் மொழியில் சொல். ஒற்றைச் சொல், எண், முகவரி, பொருளின் பெயர், ஒட்டிய அல்லது முன்னனுப்பிய செய்தி ஆகியவற்றைக் கொண்டு மொழியை மாற்றாதே. கலந்து எழுதியிருந்தால் வாக்கியத்தின் வினைச்சொல் எந்த மொழியோ அதைக் கொள். முதல் செய்தியிலேயே முழு வாக்கியம் இல்லை என்றால் ஆங்கிலத்தில் தொடங்கி, தமிழ், மலாய், சீனத்திலும் எழுதலாம் என்பதை அந்தந்த மொழியில் ஒரு வரியாகச் சேர். பொருள் பட்டியலின் மொழி பதிலின் மொழியைத் தீர்மானிக்காது. பொருளின் பெயர், குறியீடு, அளவு, விலை ஆகியவற்றைப் பட்டியலில் உள்ளபடியே எழுது."

வினைச்சொல் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மவர் வாக்கியத்தில் பெயர்ச்சொல் நான்கும் ஆங்கிலமாக இருக்கும், முடிவில் "கிடைக்குமா" என்று வரும். சொற்களை எண்ணினால் அது ஆங்கிலம். படிப்பவருக்கோ அது தமிழ்தான்.

நீங்கள் சொன்ன அந்த அம்மாவின் உரையாடலை இந்த விதியில் ஓட்டிப் பாருங்கள். முதல் கேள்வி முழு வாக்கியம், தமிழ். ஒட்டிய பெயர், "ஓகே", எண்கள், முகவரி எதற்கும் வாக்கு இல்லை. "போலே அண்ணா, நன்றி" முழு வாக்கியம் இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை தமிழ்.

மலாய், சீனம் பற்றியும் ஒரு சொல். வெறுமனே மலாய் என்றால் சில நேரம் இந்தோனேசிய நடை வந்து விழும். சிங்கப்பூரில் வழங்கும் மலாய் என்றும், சீனம் எளிய எழுத்தில் என்றும் எழுதிவிடுங்கள்.

செல்வம்_துவாஸ்

கதிர் அண்ணா, ஒரு சந்தேகம். நான் விடுதியில் இருக்கிறேன். தட்டச்சு வேகத்துக்காகத் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பேன். என்னைப்போலப் பலர் அப்படித்தான். அப்போது எந்த எழுத்தில் பதில் வரும்? ஆங்கில எழுத்தில் நீளமாகத் தமிழ் வந்தால் எனக்குப் படிக்கவே பொறுமை இருக்காது. தமிழ் எழுத்தில் வந்தால் ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

மீனலோசனி

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? தமிழுக்கு எழுத்து இருக்கிறது, இந்த நாட்டில் அதற்கு அதிகாரத்துவத் தகுதியும் இருக்கிறது. வாடிக்கையாளர் அவசரத்தில் எப்படி அடித்தாலும் கடை தமிழ் எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் இயந்திரத்தைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. நெடில் குறில் எதுவும் நிற்காது.

யாழினி_பொங்கோல்

அக்கா, நான் இங்கே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுவோம், பள்ளியில் தமிழ் படித்தேன். இருந்தாலும் கடையிலிருந்து தமிழ் எழுத்தில் ஆறு வரி வந்தால் எனக்கு நேரம் எடுக்கும். நான் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பது தமிழ் விசைப்பலகை இல்லாததால் அன்று, எனக்கு அதுதான் எளிது. செல்வம் அண்ணாவும் நானும் ஒரே மாதிரி அடிக்கிறோம், கேட்கும் பதில் வேறு வேறு. செய்தியை மட்டும் பார்த்து எங்கள் இருவரையும் எப்படிப் பிரித்தறிவது?

கதிர்_ஜூரோங்

பிரித்தறிய முடியாது, யாழினி. நான் செய்வது இதுதான்: முதல் பதில் தமிழ் எழுத்தில், இரண்டு வாக்கியத்துக்கு மிகாமல். அதன் அடியில், ஆங்கிலத்தில் வேண்டுமானால் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்திலேயே ஒரு வரி. ஒரு முறைதான், ஒவ்வொரு பதிலிலும் அதை ஒட்டக் கூடாது. ஆங்கில எழுத்துத் தமிழில் பதில் எழுதச் சொல்வதே இல்லை. மீனலோசனி அக்கா சொன்ன காரணம் ஒன்று. இன்னொன்று, ஒரே சொல்லை இயந்திரம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் எழுதும், பிறகு பழைய உரையாடலில் தேடினால் கிடைக்காது.

யாழினி_பொங்கோல்

எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. தமிழில் கேட்ட நான் பதில் புரிய வேண்டுமென்றால் ஆங்கிலத்துக்குப் போக வேண்டும் என்கிறீர்கள். அப்படித்தான் வீட்டிலும் தமிழ் போகிறது.

மீனலோசனி

யாழினி சொல்வது வருத்தமான உண்மைதான். ஆனாலும் என் கருத்தில் மாற்றமில்லை. ஆறு வரி படிக்க நேரமாகும் என்றால் கடை இரண்டு வரியில் சொல்லட்டும்.

அன்பரசி_தேக்கா

இந்தச் சண்டையை நீங்கள் தொடருங்கள், நான் நடுவில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கதிர் அண்ணா விதியைப் போட்டுப் பார்த்தேன். தாவல் நின்றுவிட்டது. ஆனால் தமிழ்ப் பதில்கள் பாதி வாக்கியத்தில் அறுந்து நிற்கின்றன. "அளவு எடுக்க நீங்கள் கடைக்கு வரும்போது பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டு" என்று நிற்கிறது. ஆங்கிலத்தில் அதே பதில் முழுதாக வருகிறது. விதியில் ஏதாவது கோளாறா?

கதிர்_ஜூரோங்

விதியில் இல்லை. பதிலின் நீளத்துக்கு ஓர் உச்ச வரம்பு எங்காவது அமைத்திருப்பீர்கள். அந்த வரம்பு சொற்களை எண்ணுவதில்லை, இயந்திரம் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளும், அந்தத் துண்டுகளை எண்ணுகிறது. ஒரே செய்தி தமிழில் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாகும், சில இயந்திரங்களில் பல மடங்கு. ஆங்கிலத்துக்குத் தாராளமாக இருக்கும் வரம்பு தமிழுக்குப் பாதியில் முடிந்துவிடும். தமிழ்ப் பதில்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நீளத்தில் அறுகின்றனவா என்று பாருங்கள். ஆம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

வரம்பை உயர்த்துங்கள், அதோடு மூன்று வாக்கியத்துக்குள் பதில் சொல் என்றும் விதியில் சேருங்கள். வரம்பை மட்டும் உயர்த்தினால் நீட்டி முழக்கும். குறுஞ்செய்தியிலும் இதே கதைதான்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கொள்ளும், தமிழ் என்றால் 70. கட்டணம் கூடும்.

இராமையா_அங்மோகியோ

நான் ஒன்று கேட்கிறேன். சாட் சரியாகிவிட்டது. "உங்கள் ரவிக்கை தயார்" என்று சில நாள் கழித்துப் போகும் செய்தி எந்த மொழியில் போகும்? என் மனைவிக்கு ஒரு கடையிலிருந்து அது ஆங்கிலத்தில்தான் வருகிறது, அவர் பேசியதெல்லாம் தமிழில்.

கதிர்_ஜூரோங்

ஐயா, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப் வணிகத் தளத்தில் வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டால் கடை நினைத்ததை நினைத்தபடி எழுத முடியாது. முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புருச் செய்திதான் போகும். ரவிக்கை தைக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், தயார் என்ற செய்தி பெரும்பாலும் இந்த வகைதான். அதை எழுதுவது தானியங்கி இல்லை, ஆகவே நிலையான குறிப்பில் நீங்கள் எழுதிய மொழி விதி அங்கே செல்லாது.

ஒரே வார்ப்புருவை ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். தமிழுக்கு `ta`, மலாய்க்கு `ms`, எளிய சீனத்துக்கு `zh_CN`, வங்காளத்துக்கு `bn`. அனுப்பும்போது எது என்று நீங்கள்தான் குறிப்பிட வேண்டும். அந்த மொழியில் வார்ப்புரு இல்லை என்றால் செய்தி போகாது. தானாக ஆங்கிலத்துக்கு மாறும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். எந்த மொழிக்கு இல்லையோ அதற்கு ஆங்கிலம் என்று உங்கள் பக்கம் எழுதிவையுங்கள்.

எது என்று தெரிய, வாடிக்கையாளர் பதிவேட்டில் மொழி என்று ஒரு கட்டம் வேண்டும். ஆர்டர் உறுதியாகும்போது உரையாடல் எந்த மொழியில் இருந்ததோ அதை அதில் எழுதிவிடுங்கள். பெயரைப் பார்த்து நிரப்பாதீர்கள். தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு ஆங்கிலம் மட்டும் படிப்பவர்களும் உண்டு, தமிழ் முஸ்லிம் பெயரைப் பார்த்து மலாயில் அனுப்பிய கடையையும் பார்த்திருக்கிறேன்.

பரீதா_கேலாங்

கடைசி வரி என் வீட்டுக் கதை. சிரித்துவிட்டேன்.

அன்பரசிக்கு ஒன்று: மலாய் வாடிக்கையாளர் துணியை "ஏலா" கணக்கில் கேட்பார்கள், அது கெஜம். உங்கள் கடை மீட்டரில் விற்கிறது. நாங்கள் துணி விற்றபோது 4 ஏலா என்று கேட்டவருக்கு ஆர்டர் சீட்டில் 4 மீட்டர் என்று விழுந்திருந்தது. 4 கெஜம் 3.66 மீட்டர்தான். வித்தியாசம் சிறியது, ஆனால் விலையுயர்ந்த சரிகைத் துணி என்றால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பேச்சு வரும்.

கதிர்_ஜூரோங்

நல்ல வேளை, சொன்னீர்கள். வீணா அக்கா சொன்ன சமையலறைச் சீட்டும் இதுவும் ஒன்றுதான். வாடிக்கையாளருக்குப் போகும் பதில் அவர் மொழியில், தையல்காரருக்கும் கல்லாவுக்கும் போகும் சீட்டு எப்போதும் ஒரே மொழியில், ஒரே அலகில். வாடிக்கையாளர் எழுதிய மூல வரியும் சீட்டின் அடியில் அப்படியே இருக்க வேண்டும், தகராறு வந்தால் அதுதான் சாட்சி. அவர் சொன்ன அலகு வேறு என்றால், தானியங்கி இரண்டு அலகையும் எழுதிக் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டுப் போட வேண்டும். தேதியும் அப்படியே: 07/06 என்று எழுதாதே, மாதத்தைப் பெயரால் எழுது என்று சேருங்கள்.

அன்பரசி_தேக்கா

வங்காளம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. தானியங்கி அழகாக வங்காளத்தில் எழுதுகிறது போலிருக்கிறது. "போலிருக்கிறது" என்பதைத் தவிர என்னால் எதுவும் சொல்ல முடியாது, கடையில் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. துணியைத் திருப்பித் தரலாம் என்று ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தால்?

கதிர்_ஜூரோங்

படிக்க ஆளில்லாத மொழியில் கடை நேரம், முகவரி, இருப்பு, பட்டியல் விலை ஆகியவற்றை மட்டும் சொல்லட்டும். பணம் திரும்பத் தருவது, தள்ளுபடி, தையல் முடியும் தேதி எதுவாக இருந்தாலும், கடை ஆள் காலையில் அழைப்பார் என்று சொல்லி நிறுத்த வேண்டும். நான் அப்படித்தான் வைப்பேன்.

செல்வம்_துவாஸ்

அண்ணா, என் அறையில் இருக்கும் வங்காளதேச நண்பரிடம் காட்டினேன். "இருப்பைச் சொல்லிவிட்டுப் பணம் என்றதும் நாளை ஆள் அழைப்பார் என்றால், எனக்கு மட்டும் வேறு கடையா?" என்று கேட்கிறார். காலையில் அவருக்கு வேலைத்தளம், தொலைபேசி எடுக்க முடியாது.

கதிர்_ஜூரோங்

அவர் கேட்பது நியாயம். திருப்பித் தரும் விதியை மட்டும் வங்காளம் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒருமுறை எழுதி வாங்கி, அந்த வாசகத்தை மாற்றாமல் அனுப்பச் சொல்லலாம். பேரம் பேச ஆரம்பித்தால் அதற்கும் வழியில்லை.

அன்பரசி_தேக்கா

அப்படியே செய்கிறேன். செல்வம் தம்பி, உங்கள் நண்பர் எழுதித் தருவாரா? உரிய கூலி தருகிறோம்.

இதுவரை பார்த்தது: பழைய உரையாடல்களிலிருந்து தொல்லை கொடுத்த செய்திகளை மட்டும் எடுத்து, புதிய விதியில் மறுபடி ஓட்டினேன். ஒட்டிய பெயர், முகவரி, "ஓகே" எதிலும் தாவவில்லை. முன்னனுப்பிய கூரியர் செய்தியில் ஒருமுறை ஆங்கிலத்துக்குப் போனது. அதில் வாடிக்கையாளரின் சொந்த வாக்கியம் எதுவுமே இல்லை, முழு வாக்கியமாக இருந்ததெல்லாம் கூரியருடையது. விதியை நிலையான குறிப்பின் கடைசியிலும் ஒருமுறை எழுதிய பிறகு அதுவும் நின்றது. குறிப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதே செய்திகளை ஓட்டுவதாக இருக்கிறேன். தீபாவளிக்கு முன் கூலி மாற்றும்போதுதான் தெரியும்.

ஒன்று மட்டும் விதிக்குள் அடங்கவில்லை. ஒரே எண்ணிலிருந்து அம்மா தமிழில் எழுதுகிறார், இரவில் மகள் அதே தொலைபேசியில் ஆங்கிலத்தில் எழுதுகிறார். கடைசி முழு வாக்கியத்தின்படி பதில் சரியாகத்தான் போகிறது. பதிவேட்டின் மொழிக் கட்டத்தில் எதை எழுதுவது?

கதிர்_ஜூரோங்

ரவிக்கை யாருக்கு?

அன்பரசி_தேக்கா

அம்மாவுக்கு. பணம் கட்டுவது மகள்.

கதிர்_ஜூரோங்

வார்ப்புருவை இரண்டு மொழியிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ஒப்புதலுக்கு அனுப்பிப் பாருங்கள். நான் அப்படிச் செய்ததில்லை.

மீனலோசனி

தமிழ் மேலே இருக்கட்டும்.

யாழினி_பொங்கோல்

பணம் கட்டும் மகள் நானாக இருந்தால், ஆங்கிலம் மேலே.